சிக்னல் கம்மியான தோப்புல பேட்டரி ஏன் கரையுது: போன் கத்தறதும், கத்திக்கிட்டே இருக்கறதும்

எங்க மாமாவுக்கு ரெண்டு வீடு. பொள்ளாச்சி டவுனுக்குள்ள ஒண்ணு, ஆழியாறு போற வழியில மலையடிவாரத்துல தென்னந்தோப்புக்குள்ள தகர ஷீட் போட்ட சாளை ஒண்ணு. டவுன் வீட்டுல இருக்கற நாள்ல காலையில ஃபுல் சார்ஜ் போட்டா ராத்திரி படுக்கப் போறப்பவும் பாதிக்கு மேல நிக்கும், அதே போன் தோப்புக்குப் போனா மத்தியானம் சாப்பாட்டு நேரத்துக்கே சிவப்பு கோடு காட்டும். தோப்புல அவர் பண்றதும் அதே வேலைதான், நாலு போன் பேசுவாரு, தேங்காய் லோடு ஏத்தறதை வீடியோ எடுத்து வியாபாரிக்கு அனுப்புவாரு, அவ்வளவுதான். ஒரு கடையில காட்டி பேட்டரி மாத்தினாரு, ஒண்ணும் மாறல. அப்புறம் இன்னொரு கடையில போர்டுலயே கோளாறுன்னு சொல்லி வேற போன் வாங்கச் சொல்லிட்டாங்க.

"ஏங்கண்ணு, நீ டவர் வேலைதான பாக்கற, இது போன் கோளாறா, தோப்புக் கோளாறா, நீயே சொல்லு"ன்னு கேட்டாரு. நான் கார்ல லேப்டாப்பும் நாலஞ்சு போனும் வெச்சுக்கிட்டு ஊர் ஊரா சுத்தி சிக்னல் அளக்கற வேலை பாக்கறவன், அதனால இந்தக் கேள்விக்கு எனக்குப் பதில் தெரியும், ஆனா "சிக்னல் வீக்கா இருந்தா பேட்டரி குறையும் மாமா"ன்னு ஒரே வரியில சொல்லிட்டு வர எனக்கு மனசு வரல. அந்த ஒரு வரி எல்லாருக்கும் தெரியும், உள்ள நடக்கறதுல முக்கியமான பாதியை அது சொல்றதே இல்ல. அன்னைக்கு திண்ணையில உக்காந்து மாமாவுக்குச் சொன்னதைத்தான் இங்க கொஞ்சம் விரிவா எழுதறேன்.

மொதல்ல ஒண்ணு தெளிவா வெச்சுக்கணும். போன்ல தெரியற சிக்னல் கோடு இருக்கே, அது டவர் பேசறது போனுக்கு எவ்வளவு கேக்குதுன்னு காட்டறது. போன் பேசறது டவருக்குக் கேக்குதான்னு அந்தக் கோட்டுல தெரியாது. பேட்டரியைத் திங்கறது இந்த ரெண்டாவதுதான், போன் டவருக்குக் கேக்கற மாதிரி பேசறது. டவர் ஒரு ஆண்டெனாவுக்கு 20 வாட், 40 வாட்டுன்னு உசரத்துல நின்னு கத்தும், அதுக்கு ஈபி லைன் இருக்கு, ஜெனரேட்டர் இருக்கு. நம்ம 4ஜி போன் சாதாரணமா அதிகபட்சம் கத்தக்கூடியது 23 டிபிஎம், அதாவது 200 மில்லிவாட், ஒரு வாட்டுல அஞ்சுல ஒரு பங்கு. சாதாரண போனை இதுக்கு மேல ஸ்டாண்டர்டே விடாது. ரெண்டு பேருக்கும் நடுவுல நூறு மடங்கு, இருநூறு மடங்கு வித்தியாசம்னா, டவர் சத்தம் நமக்கு சுமாரா கேக்கற எடத்துல நம்ம சத்தம் அவங்களுக்குக் கேக்கறது எவ்வளவு கஷ்டம்னு யோசிச்சுப் பாருங்க. டவர் பக்கம் நல்ல காது இருக்கு, ரெண்டு நாலு ஆண்டெனா வெச்சு கேக்கும், அதனாலதான் இது நடக்கவே நடக்குது.

டிபிஎம்ங்கற அளவைப் பத்தி ஒரு வார்த்தை, இல்லாட்டி மேல புரியாது. 0 டிபிஎம்னா 1 மில்லிவாட், மைனஸ்ல போனா அதைவிடக் கம்மி. இதுல 3 டிபி கூடினா பவர் ரெண்டு மடங்கு, 10 டிபி கூடினா பத்து மடங்கு. அவ்வளவுதான் கணக்கு. மாமா போனை டவுன் வீட்டுல வெச்சுப் பார்த்தப்ப `-80 dBm` காட்டுச்சு. தோப்புச் சாளைக்குள்ள கட்டில் மேல வெச்சுப் பார்த்தா `-116 dBm`. வித்தியாசம் 36தானேன்னு தோணும், ஆனா 36 டிபிங்கறது கிட்டத்தட்ட நாலாயிரம் மடங்கு. டவுன்ல கேட்டதுல நாலாயிரத்துல ஒரு பங்குதான் அந்தக் கட்டிலுக்கு வந்து சேருது. தகர ஷீட்டு, ஈரம் ஏறின தென்னை மட்டை, அதுக்குப் பின்னாடி மலையோட ஒரு மடிப்பு, தூரம், எல்லாம் சேர்ந்து மீதியை முழுங்கிடுது.

இப்ப போன் தன் குரலை எப்படி ஏத்தி இறக்குதுன்னு பார்க்கலாம், இதுக்கு டிரான்ஸ்மிட் பவர் கன்ட்ரோல்னு பேரு. தோப்புல ஆள் ஆளைக் கூப்பிடற மாதிரிதான். பக்கத்து வரப்புல நிக்கறவன்கிட்ட பேசறப்ப யாரும் தொண்டை கிழிய கத்த மாட்டோம், வாய்க்காலுக்கு அந்தப்பக்கம் நிக்கறவனைக் கூப்பிடறப்ப குரல் தானா ஏறும். எவ்வளவு ஏத்தணும்னு எப்படி முடிவு பண்றோம்? அவன் குரல் நமக்கு எவ்வளவு மெதுவா கேக்குதோ அதை வெச்சுத்தான். போனும் அப்படியேதான் முடிவு பண்ணுது. ஒவ்வொரு டவரும் "நான் இவ்வளவு பவர்ல அனுப்பறேன்"னு ஒரு நம்பரை எல்லாருக்கும் கேக்கற மாதிரி சொல்லிக்கிட்டே இருக்கும். அந்த நம்பர்ல இருந்து தனக்கு வந்து சேர்ந்ததைப் போன் கழிக்கும், வர்ற மீதிதான் வழியில தொலைஞ்சு போன அளவு. போற வழியில எவ்வளவு தொலைஞ்சுதோ திரும்பற வழியிலயும் ஏறக்குறைய அதேதான் தொலையும்னு எடுத்துக்கிட்டு அதுக்கு ஏத்தாப்ல தன் குரலை ஏத்தும். 4ஜில இதுக்கு எழுதி வெச்ச சூத்திரத்தை கொஞ்சம் சுருக்கினா இப்படி வரும்:

```
P = min(23, P0 + a*PL + 10*log10(M))
```

`PL` வழியில தொலையற அளவு. `P0` டவர் தன் காதுக்கு வந்து சேரணும்னு கேக்கற அடிப்படை அளவு, `a` தொலைஞ்சதுல எத்தனை பங்கை ஈடு கட்டணும்ங்கறது, இது ரெண்டையும் நெட்வொர்க்காரங்க செட் பண்ணுவாங்க. `M` எத்தனை துண்டு அலைவரிசை ஒரே நேரத்துல கொடுத்திருக்காங்கங்கறது, ஒரு துண்டுங்கறது 180 கிலோஹெர்ட்ஸ், நாங்க ஆர்பின்னு சொல்வோம். முன்னாடி இருக்கற `min` இருக்கே, அதுதான் இந்தக் கதைக்கே திருப்பம், என்ன கணக்கு வந்தாலும் 23க்கு மேல போகக்கூடாதுன்னு போட்ட பூட்டு அது.

இதுக்கு மேல டவரும் சும்மா இருக்காது. போன் குரலைக் கேட்டுட்டு "இன்னும் கொஞ்சம் ஏத்து", "கொஞ்சம் இறக்கு"ன்னு அப்பப்ப திருத்தம் சொல்லிக்கிட்டே இருக்கும். சாதாரணமா ஒரு தடவையில ஏத்தறதுன்னா 1 டிபி இல்லைன்னா 3 டிபி, இறக்கறதுன்னா 1 டிபி மட்டும். அதாவது ஏத்தறப்ப ஒரே தாவல்ல ரெண்டு மடங்காக்கலாம், இறக்கறது படிப்படியாத்தான். பேச்சு அறுந்துடக் கூடாதுங்கறதுக்காக இப்படி வெச்சிருக்காங்க.

இப்படி ஏத்தி இறக்கி எதுக்கு மெனக்கெடணும், எல்லா போனும் எப்பவும் 23லயே கத்தினா என்னன்னு மாமா கேட்டாரு, நல்ல கேள்வி. டவர் அடியில நிக்கறவன் முழு சத்தத்துல கத்தினா தூரத்துல நிக்கறவன் குரல் அதுல அமுங்கிப் போயிடும், பக்கத்து டவர் காதுக்குள்ளயும் அந்த இரைச்சல் போய் விழும். 3ஜில எல்லா போனும் ஒரே அலைவரிசையில ஒரே நேரத்துல பேசினதால இந்தப் பிரச்சனை ரொம்ப உசுரு போற சமாச்சாரமா இருந்துச்சு, அதனால செகண்டுக்கு 1500 தடவை ஏத்து இறக்குன்னு சொல்லிக்கிட்டு இருந்தாங்க. பேட்டரி மிச்சமாகறது இதுல கூடவே கிடைக்கற லாபம்.

பழைய 2ஜி காலத்துல இதைக் காதாலயே கேக்க முடியும், ஞாபகம் இருக்கறவங்களுக்குத் தெரியும். ரேடியோ பக்கத்துல போனை வெச்சா போன் வர்றதுக்கு முன்னாடியே டிட்டிடிட் டிட்டிடிட்னு ஒரு சத்தம் வரும். 2ஜி 900 மெகாஹெர்ட்ஸ்ல போன் உச்சபட்சம் 2 வாட் வரைக்கும் கத்தும், மொதல்ல டவரைக் கூப்பிடறப்ப அந்த எடத்துக்கு விதிச்ச முழுச் சத்தத்துலயே கூப்பிடும், அப்புறம் அரை செகண்டுக்கு ஒருக்கா 2 டிபி 2 டிபியா டவர் இறக்கிக்கிட்டு வரும். அதனால டவுன்ல அந்த டிட்டிடிட் ஆரம்பத்துல பலமா இருந்து கொஞ்ச நேரத்துல தேஞ்சு போகும், மலையடிவாரத்துல தேயவே தேயாது. எங்க அப்புச்சி வீட்டு ரேடியோவுல பேசி முடிக்கற வரைக்கும் அது அடிச்சுக்கிட்டே இருந்தது எனக்கு இன்னும் காதுல இருக்கு. பவர் கன்ட்ரோல் இறக்கறதுக்கு எடமே இல்லாம உச்சத்துல மாட்டிக்கிட்டு நின்ன சத்தம்தான் அது.

சரி, மாமா போனுக்கு வருவோம். டவர் சொல்ற பவர் நம்பர் 15 டிபிஎம், `P0` மைனஸ் 80, `a` 0.8ன்னு ஒரு கணக்குக்கு வெச்சுக்கலாம், அந்த 15ங்கறது டவரோட மொத்த பவர் இல்ல, அது நூத்துக்கணக்கான சின்ன இழையா பிரியறதுல ஒரு இழையோட அளவு, ஊருக்கு ஊரு இது மாறும் ஆனா இந்த மாதிரி அளவுகள் நடப்புல இருக்கறதுதான். டவுன் வீட்டுல மைனஸ் 80 வருது, அப்ப தொலைஞ்சது 95. அதுல 0.8 பங்கு 76, மைனஸ் 80ஓட சேர்த்தா மைனஸ் 4 டிபிஎம், அதாவது ஒரு துண்டுக்கு 0.4 மில்லிவாட் போதும். பத்து துண்டு சேர்த்து வாங்கினாலும் 4 மில்லிவாட்தான். 200 மில்லிவாட் பூட்டு எங்கேயோ தூரத்துல இருக்கு.

தோப்புச் சாளைக்குள்ள மைனஸ் 116. தொலைஞ்சது 131. அதுல 0.8 பங்கு 104.8, மைனஸ் 80ஓட சேர்த்தா 24.8 டிபிஎம், ஒரே ஒரு துண்டுக்கே 300 மில்லிவாட் வேணும்னு சூத்திரம் கேக்குது. போன்கிட்ட இருக்கறது 200. ஒரு துண்டுக்கே பத்தல, பத்து துண்டு கேட்டா 3 வாட் வேணும், அதுக்கு எங்க போறது. ஆக கட்டில் மேல இருக்கற போன் டேட்டா அனுப்பற ஒவ்வொரு தடவையும் 23ல போய் முட்டிக்கிட்டு நிக்குது. டவுன்ல 0.4, தோப்புல 200, ஒரு துண்டுக்கு ஐநூறு மடங்கு.

இங்கதான் நிறைய பேர் நிறுத்திடுவாங்க, ஐநூறு மடங்கு கத்துது அதனால பேட்டரி போகுதுன்னு. அப்படி நேரா கணக்கு போட்டா தப்பா வரும். போன்ல இருந்து வெளிய போற ரேடியோ பவர் வேற, அதுக்காக பேட்டரியில இருந்து எடுக்கறது வேற. 200 மில்லிவாட் ஆண்டெனாவுல வெளிய போகணும்னா, நடுவுல இருக்கற ஃபில்டர் சுவிட்சுல ஏறக்குறைய பாதி போயிடும், அதனால பவர் ஆம்ப்ளிஃபயர்னு ஒரு சின்ன சிப் இருக்கு அது 400 மில்லிவாட் கிட்ட தயார் பண்ணணும். அது நல்லா வேலை செஞ்சாலும் உள்ள வாங்கற பவர்ல மூணுல ஒரு பங்கைத்தான் ரேடியோ அலையா மாத்தும், மீதி சூடு. அப்ப அந்த சிப்புக்கு மட்டும் ஒரு வாட்டுக்கு மேல வேணும். வீக் சிக்னல்ல பேசறப்ப போன் மேல்பக்கமோ அடிப்பக்கமோ கன்னத்துல சுடுதே, ஆண்டெனா பக்கத்துல அந்த சிப்பு காயறதுக்கு அதுல பங்கு உண்டு.

ஆனா டவுன்ல 4 மில்லிவாட் அனுப்பறப்ப பேட்டரி 4 மில்லிவாட்டா கொடுக்குது? இல்லவே இல்ல. மோடம், ரேடியோ, கிளாக், கணக்குப் போடற பகுதி எல்லாம் முழிச்சிருக்கணும், அதுக்கே அரை வாட்டு, முக்கால் வாட்டு போகும், மெதுவா பேசினாலும் சத்தமா பேசினாலும் அந்த நிலைச் செலவு மாறாது. அதனால 10 டிபிஎம் வரைக்கும் போன் செலவு ஏறக்குறைய சமமா போகும், அதுக்கு மேலதான் செங்குத்தா ஏறும். கூட்டிப் பார்த்தா டவுன்ல அனுப்பற நேரத்துல 0.8 வாட், தோப்புல 1.6 வாட்னு வெச்சுக்கலாம். வெறும் ரெண்டு மடங்கு! ஐநூறு மடங்கு கத்தினதுக்கு பேட்டரியில வித்தியாசம் ரெண்டு மடங்குதான். அப்ப மத்தியானத்துக்கே சிவப்புக் கோடு எப்படி வருது?

நேரம். இதைத்தான் நான் மாமாகிட்ட திரும்பத் திரும்பச் சொன்னேன்.

வாய்க்காலுக்கு அந்தப்பக்கம் நிக்கறவனுக்கு தொண்டை கிழிய கத்தியும் கேக்கலைன்னா என்ன பண்ணுவோம்? ஒவ்வொரு வார்த்தையா இழுத்து, நிறுத்தி, ரெண்டு மூணு தடவை சொல்லுவோம். "மோ...ட்டா...ரை... நிறு...த்து..." அப்படின்னு. போனும் அதேதான் பண்ணுது. அது 23ல முட்டினதும் டவருக்கு ஒரு தகவல் அனுப்பும், பவர் ஹெட்ரூம் ரிப்போர்ட்னு பேரு, "எங்கிட்ட இன்னும் இவ்வளவு பாக்கி இருக்கு" இல்லைன்னா "எங்கிட்ட ஒண்ணும் பாக்கி இல்ல, கேட்டதைவிட இவ்வளவு கம்மியாத்தான் கொடுக்கறேன்"னு. அதைப் பார்த்துட்டு டவர் அந்த போனுக்குக் கொடுக்கற துண்டுகளைக் குறைச்சுடும், இருக்கற 200 மில்லிவாட்டை பத்து துண்டுல பரப்பறதுக்குப் பதிலா ஒண்ணு ரெண்டு துண்டுல குவிச்சா தான் காதுக்குக் கேக்கும். கூடவே ஒரு துண்டுல ஏத்தற தகவலையும் குறைக்கும், அதுவும் தப்பாப் போனா திரும்ப அனுப்பச் சொல்லும். இது எல்லாமே சரியான முடிவுதான், வேற வழியில்ல, ஆனா இது ஒவ்வொண்ணும் அதே வீடியோவை அனுப்பற நேரத்தை நீட்டிக்கிட்டே போகுது.

மாமா அனுப்பற தேங்காய் லோடு வீடியோ 5 எம்பின்னு வெச்சுப்போம், அதாவது 40 மெகாபிட். டவுன்ல செகண்டுக்கு 10 மெகாபிட் ஏறினா 4 செகண்டுல முடிஞ்சது. 0.8 வாட் இன்டு 4 செகண்ட், 3 ஜூல் சொச்சம். தோப்புச் சாளையில செகண்டுக்கு 100 கிலோபிட் ஏறினா அதே வீடியோவுக்கு 400 செகண்ட், ஆறே முக்கால் நிமிஷம் கிட்ட. 1.6 இன்டு 400, 640 ஜூல். இருநூறு மடங்கு ஆச்சு, அதுல ரெண்டு மடங்கு சத்தத்தால, நூறு மடங்கு நேரத்தால. 5000 எம்ஏஎச் பேட்டரியில இருக்கறது 19 வாட் அவர் சுமாரு, 69 ஆயிரம் ஜூல், அதுல 640ங்கறது கிட்டத்தட்ட ஒரு பர்சன்ட். ஒரு வீடியோவுக்கு ஒரு பர்சன்ட். பத்து வீடியோ அனுப்பி, நடுவுல ரெண்டு தடவை பாதியில நின்னு மறுபடி மொதல்ல இருந்து ஏறினா, கணக்கை நீங்களே போட்டுக்கலாம். இது போக மாமா போன்ல எடுக்கற போட்டோ எல்லாம் தானா மேல ஏத்தற செட்டிங் ஆன்ல இருந்துச்சு, டவுன்ல அது ஏறினதே தெரியாம முடிஞ்சுடும், தோப்புல நாள் பூரா முக்கிக்கிட்டு இருந்திருக்கு. பேட்டரியைத் தின்னதுல பெரும்பங்கு இதுதான்னு எனக்கு அப்பவே பட்டுச்சு.

பேச்சுலயும் இதேதான், ஆனா வேற மாதிரி. 4ஜில போன் பேசறப்ப குரல் 20 மில்லிசெகண்டுக்கு ஒரு பொட்டலமா போகும். நல்ல சிக்னல்ல ஒரு பொட்டலத்தை 1 மில்லிசெகண்டுல அனுப்பிட்டு மீதி 19ல டிரான்ஸ்மிட்டர் ஓய்வா இருக்கலாம். ஓரத்துல இருக்கற போனுக்கு டவர் நாலு மில்லிசெகண்ட் தொடர்ந்து அதே பொட்டலத்தைத் திருப்பித் திருப்பி அனுப்பச் சொல்லும், அதுலயும் கேக்கலைன்னா மறுபடி நாலு. 20ல ஒண்ணு கத்தினது 20ல நாலு, எட்டுன்னு ஆயிடும், அதுவும் உச்சக் குரல்ல. அதனாலதான் தோப்புல பத்து நிமிஷம் பேசினா போன் சுடுது, டவுன்ல அரை மணி நேரம் பேசினாலும் சுடல.

இன்னொண்ணையும் பிரிச்சுச் சொல்லணும், ரெண்டையும் போட்டு ஜனங்க குழப்பிக்கறாங்க. சிக்னல் கம்மியா இருக்கறது வேற, சுத்தமா இல்லாம இருக்கறது வேற. வால்பாறை ரோட்டுல வளைவு வளைவா ஏறறப்ப சில எடத்துல போன் சுத்தமா செத்துடும், அப்ப அது கத்திக்கிட்டு இருக்கறதா நெனப்பாங்க. டவர் குரல் காதுல விழாம போன் வாயே திறக்காது, எந்த அலைவரிசையில எந்த நேரத்துல பேசணும்னே அதுக்குத் தெரியாது. அப்ப நடக்கறது தேடல். ஒவ்வொரு அலைவரிசையா ரிசீவரைத் திறந்து திறந்து பார்க்கும், அதுக்கும் பேட்டரி போகும், ஆனா பவர் கன்ட்ரோலுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல, ரொம்ப நேரம் கிடைக்கலைன்னா போன் தேடற இடைவெளியை நீட்டிக்கும். டிரான்ஸ்மிட் பக்கம் பார்த்தா மோசமானது விட்டு விட்டு வர்ற எடம்தான். டவர் கிடைக்கும், போன் "வந்துட்டேன்"னு பதிவு பண்ணக் கூப்பிடும், கேக்கலைன்னா ஒரு படி ஏத்திக் கூப்பிடும், மறுபடி ஒரு படி, பதிவாகி முடிக்கறதுக்குள்ள டவர் மறைஞ்சுடும், திரும்ப மொதல்ல இருந்து. ரெண்டு டவருக்கு நடுவுல ஊசலாடற எடத்துலயும் இதே தொல்லை. ரெண்டாவது சிம்மைப் பேசவே பேசாம சும்மா போட்டு வெச்சிருந்தாலும் அந்த கம்பெனி சிக்னல் அங்க இப்படி வந்து வந்து போச்சுன்னா அதுவும் தனியா இந்த வேலையெல்லாம் பார்க்கும்.

உங்க போன்ல நடக்கறது இதுதானான்னு எப்படிக் கண்டுபிடிக்கறது? ஆண்ட்ராய்டுல செட்டிங்ஸ் உள்ள போன் விவரம் பகுதியில சிம் ஸ்டேட்டஸ்னு இருக்கும், அதுல மைனஸ் நம்பர் பார்க்கலாம், நிறைய மாடல்ல `*#*#4636#*#*` டயல் பண்ணினாலும் வரும், ஐபோன்ல `*3001#12345#*`. 4ஜில மைனஸ் 80, 90ன்னா கவலை வேண்டாம், மைனஸ் 110ஐத் தாண்டி மைனஸ் 115, 120ன்னு போச்சுன்னா பூட்டுல முட்டற எடம்னு வெச்சுக்கலாம். கோட்டை நம்பாதீங்க, எத்தனை டிபிஎம்முக்கு எத்தனை கோடுங்கறது போனுக்குப் போன் மாறும். ஆண்ட்ராய்டுல இன்னும் உறுதியாத் தெரியணும்னா லேப்டாப்ல `adb`ங்கற டூலைப் போட்டு, போன்ல USB debugging ஆன் பண்ணி, போனைச் சொருகி

```
adb shell dumpsys batterystats
```

அடிச்சுப் பாருங்க. ரொம்ப நீளமா வரும், அதுல செல்லுலார் பகுதியில டிரான்ஸ்மிட் பவரை அஞ்சு படியாப் பிரிச்சு எந்தப் படியில எவ்வளவு நேரம் இருந்துச்சுன்னு இருக்கும், கடைசிப் படி 20 டிபிஎம்முக்கு மேல. சில போன்ல மோடம் இந்தக் கணக்கையே கொடுக்காது, எல்லாம் சைபராத்தான் இருக்கும். மாமா போன்ல கொடுத்துச்சு. ஒரு நாள் டவுன், ஒரு நாள் தோப்புன்னு எடுத்து ரெண்டையும் பக்கத்துல வெச்சுக் காட்டினேன், தோப்பு நாள்ல நேரம் முழுக்க கடைசிப் படியில போய் குவிஞ்சிருந்துச்சு, போர்டு கோளாறுன்னா டவுன்லயும் பேட்டரி கரைஞ்சிருக்கணும். புதுப் போன் வாங்கற பேச்சை அன்னைக்கோட விட்டாரு.

அப்ப என்ன பண்ணலாம்னு வந்தப்ப மாமா சொன்ன மொத யோசனை பூஸ்டர். ஆன்லைன்ல விக்குது, பக்கத்து தோப்புக்காரர் வாங்கி மாட்டியிருக்காருன்னாரு. வேண்டவே வேண்டாம்னேன். அனுமதி இல்லாம மாட்டறது சட்டப்படி தப்பு, அது ஒரு பக்கம். இந்த விஷயத்துக்குள்ளயே பார்த்தா, தரமில்லாத பூஸ்டர் நம்ம குரலோட சேர்த்து இரைச்சலையும் பெருக்கி டவர் காதுல போய் ஊத்தும். காதுல இரைச்சல் ஏறினா டவர் என்ன பண்ணும், அதுல இருக்கற எல்லா போனுக்கும் "ஏத்து, ஏத்து"ன்னு சொல்லும். ஒருத்தர் சாளையில மாட்டின டப்பாவால அந்த டவர் கேக்கற அத்தனை தோப்புலயும் பேட்டரி வேகமா இறங்கும். டவர்ல இரைச்சல் அளவு திடீர்னு ஏறிக்கிடக்கேன்னு தேடிப் போனா அங்க இப்படி ஒரு பூஸ்டர் நிக்கறது எங்க வேலையில அடிக்கடி பார்க்கறதுதான்.

நாங்க பண்ணினது எடத்தை மாத்தினதுதான். போனை எடுத்துக்கிட்டு சாளையைச் சுத்தி நடந்தோம். தகர ஷீட்டுக்கு வெளிய, கிழக்குப் பக்கத் திண்ணைத் தூணுகிட்ட `-104 dBm` வந்துச்சு, கட்டிலைவிட 12 டிபி நல்லது. இதையும் அதே சூத்திரத்துல போட்டுப் பாருங்க, ரொம்ப சுவாரசியமா இருக்கும். தொலைஞ்சது 119, ஒரு துண்டுக்கு வேண்டியது 15.2 டிபிஎம், 33 மில்லிவாட். 200ல ஆறு துண்டு தாராளமா எடுக்கலாம். அப்ப திண்ணையில வெச்சு வீடியோ அனுப்பினா போன் எவ்வளவு சத்தத்துல கத்தும்? அப்பவும் 23தான்! ஏன்னா டவர் இப்ப ஆறு துண்டு கொடுக்குது, ஆறும் சேர்ந்து பூட்டு வரைக்கும் போயிடும். சத்தம் கொஞ்சம்கூட குறையல. ஆனா ஒரு துண்டுல திணறினது ஆறு துண்டுல போகுது, ஒவ்வொரு துண்டும் முன்னைவிட தெளிவா கேக்குது, 400 செகண்ட் ஆன வேலை ஒரு நிமிஷத்துக்குள்ள முடியும். நேரம்தான் மிச்சம், சத்தம் இல்ல. பேச்சுக்கு மட்டும் சத்தமும் குறையும், அதுக்கு ரெண்டு துண்டு போதும், 66 மில்லிவாட்டுல முடிஞ்சுடும், திருப்பித் திருப்பி அனுப்பற வேலையும் போச்சு.

கையில பிடிக்கற விதமும் இதுல சேர்த்தி, ஆண்டெனா இருக்கற எடத்தை உள்ளங்கையில பொத்தி, தலையோட ஒட்டிப் பிடிச்சா சில டிபி அதுலயே போயிடும், ஸ்பீக்கர்ல போட்டு தூண் பக்கத்துல வெச்சுப் பேசறது நல்லது. தோப்புல பிராட்பேண்ட் லைன் இருக்கறவங்களுக்கு வைஃபை காலிங்தான் எல்லாத்தையும்விட மேல, ரவுட்டர் பத்து அடியில இருக்கறப்ப போன் கத்தவே வேண்டாம். மாமா சாளையில லைன் இல்ல.

அதனால திண்ணைத் தூண்ல கண்ணு உசரத்துக்கு ஒரு ஆணி அடிச்சு, அத்தை தெச்சுக் கொடுத்த துணிப்பையை மாட்டியாச்சு, போன் அதுலதான் இருக்கும். போட்டோ தானா ஏத்தறதை வைஃபைல மட்டும்னு மாத்தினோம், டவுன் வீட்டுக்கு வந்தா ஏறிக்கும். ரெண்டாவது சிம்மை தோப்புக்குப் போறப்ப ஆஃப் பண்ணச் சொன்னேன், அதை மட்டும் அவர் அடிக்கடி மறந்துடறாரு. போன வாரம் தோப்புல இருந்து பொழுது சாய்ஞ்சப்பறம் கூப்பிட்டாரு, பேட்டரி 41 இருக்குதுன்னாரு.